ஏழு பேர் கேட்ட கிணறு

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர் நிலையத்தில் மூன்றாவது பம்பின் சீல் மறுபடி ஒழுகியது. வீடு திரும்பும்போது மணி ஏழு. மகள் மீரே பாயில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தாள். "கைத்தாரா கதை" என்றாள். தினமும் இதுதான்.

என் மனைவி அகோயா ஏழு மாத வேலைக்காகக் குயின்ஸ்லாந்து தக்காளித் தோட்டத்துக்குப் போய் ஐந்து வாரமாகிறது. பிள்ளையைத் தூங்க வைக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. பம்பென்றால் கையேடு இருக்கும். நாலு வயசுப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது.

கைத்தாரா கதை அகோயா வீட்டாருடையது. அவள் அண்ணன் தெபானோ ஊர்ச் சபைக்கூடமான மனேபாவில் சொன்னதை போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். தொண்ணூற்று நாலு நிமிஷம்! அகோயா அதை எப்படிச் சுருக்கிச் சொன்னாள் என்று கேட்டால், "வாய்க்கு வந்தபடிதான்" என்கிறாள். இதுவும் ஒரு பதிலா?

ஜூன் 5, வியாழன்

முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். இருபதாவது நிமிஷத்திலும் நாங்கள் கைத்தாராவின் பாட்டனார்களிடமே நின்றோம். எந்தப் படகு, எந்தத் துறை, யார் யாருக்கு மகன். மீரே தூங்கவில்லை. எழுந்து படகு ஓட்டினாள்.

முடிவு: வெட்ட வேண்டும்.

ஜூன் 7, சனி

பதிவை மூன்று தடவை கேட்டு, நோட்டில் பிரித்து எழுதினேன். பரம்பரை, இருபத்தொரு நிமிஷம். பஞ்சம் வந்தது, ஊர்க் கிணறெல்லாம் உப்பானது, தீவின் நடுவில் இருக்கும் கைத்தாராவின் கிணறு மட்டும் இனித்தது — ஒன்பது நிமிஷம். ஏழு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து புபுசி வைத்து, அதாவது மறுக்கக்கூடாத உரிமையோடு, தண்ணீர் கேட்பது, முப்பத்தைந்து. ஏழாவது ஆள் ஈக்குனா. அவன் கிணற்றையே கேட்கிறான். புபுசி என்று கேட்டுவிட்டால் மறுப்பதெப்படி? கைத்தாரா கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு கடலேறுகிறான். கடலில் இரண்டு பிள்ளைகள் சாகிறார்கள். பிறகு ஈக்குனாவைப் பற்றி ஒரு நீண்ட வால்.

பரம்பரை போயிற்று. சாவு போயிற்று, நாலு வயசுக்கு அது வேண்டாம். ஏழு பேரும் வந்து வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், கைத்தாரா ஒரே பட்டியலை ஒப்பிக்கிறான். எதற்கு? ஒரு தடவை சொன்னால் போதாதா? ஏழு பேரை ஒருவராக்கினேன். வாலையும் வெட்டினேன்.

மிச்சம்: பஞ்சம். நல்ல மனிதனிடம் ஒரு கிணறு. ஒருவன் கேட்டான். அவன் கொடுத்தான். அதனால் கேட்டால் கொடுக்க வேண்டும். தூங்கு.

நாலு நிமிஷம். தொண்ணூற்று நாலிலிருந்து!

ஜூன் 8, ஞாயிறு

தூங்கிவிட்டாள். மூன்றாவது நிமிஷத்தில்.

இதற்கா இத்தனை நாள் திணறினேன்?

ஜூன் 10, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாளாம், மீரே தன் செருப்பைக் கொடுத்துவிட்டாள். அடுத்தவள் கேட்டாளாம், தட்டிலிருந்த மீனைக் கொடுத்துவிட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கதை வேலை செய்கிறது.

ஜூன் 11, புதன்

வேலை செய்கிறது. ஐயோ, நன்றாகவே செய்கிறது.

வேலை முடிந்து அகோயா போன் செய்தாள். வழக்கம்போல மீரே பல்லைக் காட்டினாள், புதுக் கீறலைக் காட்டினாள். பிறகு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நான் உங்கிட்ட புபுசி கேக்கறேன். நீ வீட்டுக்கு வந்துடு."

திரையில் அவள் நெற்றியும் பின்னால் இருந்த தகரக் கூரையும்தான் தெரிந்தன. பிறகு வைத்துவிட்டாள்.

பிள்ளையிடம் கேட்டேன், யார் சொல்லிக்கொடுத்தது என்று. "நீதானப்பா. கேட்டா குடுக்கணும்."

ஜூன் 12, வியாழன்

காலையில் அகோயாவின் செய்தி. மேற்பார்வையாளரிடம் பேசியிருக்கிறாள். அடுத்த வெள்ளிக்குள் சொன்னால் விமானம் போட்டுத் தருவார்களாம். ஆனால் பாதியில் போனவர்களை மறுபடி எடுப்பதில்லை.

மதியம் நிலைய வாசலில் நின்று அவளிடம் போனில் பேசினேன். அவள் பெயரை மூன்று வருஷம் வெளிநாட்டு வேலைப் பட்டியலில் வைத்துக் காத்திருந்தோம். ஊர்ப்பக்கம் வீடு, மீரேயின் பள்ளி, எல்லாம் அந்த ஏழு மாதத்தின் மேல்தான் நிற்கிறது. பிள்ளை விளையாட்டுக்குக் கேட்டது, விடு என்றேன்.

"விளையாட்டா கேக்கல பௌரோ. அவ கண்ணப் பாத்தியா? எங்க வீட்ல புபுசின்னு கேட்டு யாரும் இல்லன்னு சொன்னதில்ல. எம்பிள்ளைக்கு நான் மொதல்ல சொல்லணுமா?"

"அப்ப நான் அவளக் கேட்டத வாபஸ் வாங்கச் சொல்றேன்."

"நீ சொல்லி அவ வாங்குனா அது நான் மறுத்த மாதிரிதான். கேட்டவளே தானா வாங்கணும்."

நான் கத்தினேன். அவளும் கத்தினாள். பம்ப் அறைக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொன்னால் — அவள் வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. இதை வேறு யாரிடம் சொல்ல?

ஜூன் 13, வெள்ளி

தெபானோவைத் தேடிப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தான். என் நாலு நிமிஷக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்காமல் கேட்டான். அதுதான் ஆபத்து.

"மச்சான், மீனு முள்ளு எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு சொல்ற. நீ மீனையும் எடுத்துட்டியே. தட்டுதான் இருக்கு."

எங்கே தப்பு என்று கேட்டேன். அவன் என் போனை வாங்கி அந்த முப்பத்தைந்து நிமிஷத்தைத் திரும்ப ஓட்டினான். முதலாமவள் வருகிறாள், தண்ணீர் கேட்கிறாள். கேட்குமுன் ஒரு வரி: 'உனக்கு என்ன மிச்சம்?' கைத்தாரா சொல்கிறான்: ஒரு மனைவி, மூன்று பிள்ளை, மூன்று குழி பாபாய்க் கிழங்கு, அத்தனைக்கும் இந்தக் கிணறு. 'அப்படியானால் ஒரு சிரட்டை போதும்.' இரண்டாமவன், அதே கேள்வி. மூன்றாமவன். ஆறு பேர். நான் அலுத்துப்போய் எழுந்து நின்றேன்.

ஏழாமவன் ஈக்குனா வந்தான். "இந்தக் கிணற்றை எனக்குக் கொடு" என்றான்.

அவன் கேட்கவில்லை. 'உனக்கு என்ன மிச்சம்?' என்ற வரி இல்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன். ஆறு தடவை சொன்னது இந்த ஒரு தடவை சொல்லாமலிருப்பதற்கு. நான் குப்பை என்று வெட்டியது அதைத்தான். கதை கொடுக்கிறவனைப் பற்றியது என்று நினைத்துவிட்டேன். அது கேட்கிறவனைப் பற்றியது.

வாலையும் ஓட்டினான். ஈக்குனா இருக்கிற தண்ணீரையெல்லாம் ஒரே நாளில் இறைக்கிறான். மறுநாள் கிணறு உப்பு. இது என் தொழில் பாடமல்லவா! தீவின் அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. மெதுவாக எடுத்தால் நிற்கும். வேகமாக உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு மேலேறும். இதை எனக்கு மூன்று வருஷம் படிப்பித்தார்கள். தெபானோவின் கதை அதை ஒரு சிரட்டையில் சொல்லிவிடுகிறது.

கடைசியில் ஈக்குனா கரையோரமாக நடந்து போய், தீவின் மறுகரையில் ஒதுங்கியிருந்த கைத்தாராவைக் கண்டு, 'நான் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்' என்கிறான். யாரும் சொல்லாமல்.

"இப்பப் போய் வெட்டு" என்றான் தெபானோ. "எது இல்லாட்டி கதை செத்துருமோ அத மட்டும் விட்டுட்டு."

ஜூன் 14, சனி

புதிய வரைவு. ஏழு பேரை மூன்றாக்கினேன். இரண்டு என்றால் பழக்கமாவதற்குள் முடிந்துவிடும், நாலு என்றால் அவள் படகு ஓட்டப் போய்விடுவாள். முதல் இருவரும் அந்த வரியை ஒரே சொற்களில் கேட்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றினாலும் மூன்றாமவன் கேட்காதது காதில் விழாது. பட்டியலும் அதே வரிசை. பாபாயை எடுத்துவிட்டேன், மனைவியும் பிள்ளைகளும் போதும். கேட்பவர்களுக்குப் பெயர் வேண்டாம், மீன் பிடிக்கிறவர், பாய் முடைகிறவள். ஈக்குனாவுக்கு மட்டும் பெயர்.

கடலில் பிள்ளைகள் சாகமாட்டார்கள். ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்று விட்டால் ஈக்குனா செய்ததற்கு எடையே இல்லை. அதனால் கிணறு உப்பாகிறது, அவன் குடித்துத் துப்புகிறான், கைத்தாராவின் வீடு காலியாக இருக்கிறது. அது போதும். துக்கம் உண்டு, பயமில்லை.

'அதனால் நீ' என்று முடிக்கும் வரியை அடித்துவிட்டேன். நீதியை நான் சொன்னால் அவள் என் நீதியை எடுத்துக்கொள்கிறாள்.

ஈக்குனா தானாகப் போய்க் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்வதை அப்படியே வைத்தேன், கைத்தாரா வீடு திரும்புகிறான். கடைசியில் மழை, கிணறு மெல்ல இனிக்கிறது, எல்லோரும் ஒரு சிரட்டை குடித்துப் படுக்கிறார்கள். வாக்கியங்கள் அங்கே குட்டையாக வேண்டும். மூச்சு இறங்குவதுபோல.

எட்டரை நிமிஷம்.

ஜூன் 15, ஞாயிறு

ஈக்குனா வந்து கிணற்றைக் கேட்டதும் மீரே எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா, அவன் கேக்கல." எதை என்றேன். "மிச்சத்த."

நாக்கைக் கடித்துக்கொண்டேன், அர்த்தத்தை விளக்கிவிடாமல். தூங்கப் பதினெட்டு நிமிஷமாயிற்று.

ஜூன் 16, திங்கள்

அதே கதை. போன் வந்தது. மீரே தக்காளியைக் காட்டச் சொன்னாள். வேறொன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

அதே கதை. ஒன்றும் இல்லை. வெள்ளிக்கு மூன்று நாள். நேராகச் சொல்லிவிடலாமா? ஒரு வாக்கியம்தானே. இல்லை, கூடாது. பம்பைக் கழற்றிப் பூட்டிக் கழற்றினேன்.

ஜூன் 18, புதன்

நான் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். போன் மீரே கையில்.

"அம்மா, உனக்கு என்ன மிச்சம்?"

அகோயா முதலில் விளங்காமல் விழித்தாள். பிறகு அவளுக்குக் கதை ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் மாறியது. நிதானமாகச் சொன்னாள்: இன்னும் இருபத்து மூன்று வாரம் வேலை, ஒரு கட்டில், ஒரு ஜோடி பூட்ஸ், உங்கப்பா, நீ.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மீரே யோசித்தாள். நான் கரண்டியை வைக்கக்கூட இல்லை.

"அப்ப நான் கேட்டதத் திரும்ப எடுத்துக்கறேம்மா. மழ வந்தப்பறம் வா."

அகோயா அழுதாள், சிரித்தாள், எது முதலில் என்று தெரியவில்லை. பிள்ளை மீன் கேட்டு என்னிடம் வந்துவிட்டாள். போனை நான் எடுத்தேன்.

"உனக்கு ஒண்ணும் கேக்கணும்னு இல்லையா?" என்றாள் அகோயா.

இருந்தது. "ஈர பூட்ஸப் போட்டுக்காத. காய வச்சுப் போடு" என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

அகோயா மேற்பார்வையாளரிடம் போகவில்லையாம். இன்று கதையில் இரண்டாமவர் வருவதற்குள்ளேயே மீரே தூங்கிவிட்டாள். நிறுத்தத் தோன்றவில்லை. மிச்சக் கதையை மழை வரைக்கும் சொல்லி முடித்தேன்.