ஈரம் போகத் துடைத்த விளக்கு

ஆச்சி, விரலில் புளி வாடை. இப்போதுதான் காமாட்சி விளக்கைத் துலக்கினேன். மதுரை ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஆபரேஷன். கூட இருக்கும் அண்ணன் இன்னும் போன் செய்யவில்லை. இந்த வாடையோடு மில்லர்புரம் வீட்டில் கதவை அறைந்த அந்தக் காற்றும் வந்துவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சரக்குத் தோணியில் எஞ்சின் பார்க்கும் அப்பா மாலத்தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். இரண்டு நாளாகத் தோணியிலிருந்து தகவல் இல்லை. அம்மா செல்போனும் கையுமாக நடந்துகொண்டே இருந்தாள். விளக்கு எரிந்தால் அப்பா வந்துவிடுவார் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

நீயோ அன்றைக்கும் புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இன்னைக்கு மட்டும் சட்டுனு ஏத்துவோம் ஆச்சி."

"என்னைக்கும் போலத்தாம்ளா இன்னைக்கும். நான் பூப் பறிச்சுட்டு வாரேன், பொறு."

நீ கொல்லைப்புறம் போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. நான் விளக்கைக் கழுவி, அப்படியே எண்ணெய் ஊற்றி, திரியைப் போட்டுக் கொளுத்திவிட்டேன். திரி படபடவென்று பொரிந்து அணைந்தது. மறுபடி கொளுத்தினேன். மறுபடியும் அணைந்தது. "அப்பாவுக்கு என்னமோ ஆயிட்டு!" என்று அலறினேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நீ வந்து பூத்தட்டை வைத்தாய். விளக்கைச் சாய்த்துக் காட்டினாய். எண்ணெய்க்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

"பாத்தியா? ஈரம் நிக்கி, அதாம் பொரியுது. சாமி ஒண்ணும் கோவிக்கல. தொடச்சுட்டு மொதல்ல இருந்து செய்யி."

பழைய வேட்டித்துணியால் இடுக்கெல்லாம் துடைத்தேன். அடுப்பு வெக்கையில் காட்டினேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். பஞ்சில் ஒட்டியிருந்த கொட்டைத் தூளைப் பொறுக்கி, விரலில் திருநீறு தொட்டுத் திரித்தேன். "தடியா இருந்தா எண்ணெ ஏறாதுளா" என்று பிரித்துவிட்டாய். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. நல்லெண்ணெய் திரியின் நுனிவரை ஏறும்வரை தீப்பெட்டியைத் தொடவிடவில்லை.

ஏற்றினேன். சுடர் அசையாமல் நின்றது. போன் மட்டும் வரவில்லை.

மறுநாள் மத்தியானம்தான் அப்பா பேசினார். தோணி கொச்சிப் பக்கம் ஒதுங்கியிருந்ததாம். விளக்கு எரிந்ததால் அப்பா பிழைத்தார் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை.

இன்று நானும் பூப் பறிக்கப் போனேன். நந்தியாவட்டைச் செடியருகே வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். தட்டில் நாலே நாலு பூ. அன்றைக்கு உன் தட்டிலும் நாலு பூதான் இருந்தது, ஆச்சி. அத்தனை நேரம் நீ அங்கே என்ன செய்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

"சீக்கிரம் ஏத்தும்மா" என்று என் மகள் அவசரப்படுத்துகிறாள். அவள் கையில் துணியைக் கொடுத்தேன்.

"இடுக்குல தொடைளா" என்றேன்.