ஐந்து மணிக்குள் பதினெட்டாயிரம்

அண்ணா,

அப்பா அம்மா கல்யாண நாள் பயணம் கிளம்ப இன்னும் இருபத்தாறு மணி நேரம். நான் லேபுக்குப் போகிறேன். சாப்பாடு மேசையில் இருக்கிறது. வெளியே போனால் சாவியைச் செருப்பு அலமாரியில் வை.

மொத்தச் செலவு ஒரு லட்சத்து ஐந்தாயிரம். "அவங்கவங்க சம்பளத்துக்குத் தக்கபடி போட்டுக்கலாம்" என்றது நீதான். உனக்கு அறுபதாயிரம், அக்காவுக்கு அறுபது, எனக்கு முப்பது என்று வைத்து, 42, 42, 21 எனப் பிரித்தாய். "கணக்குப்புலி, சரிதானேடி?" என்று சிரித்தாய். நானும் தலையாட்டினேன். அக்கா வளையலை அடகு வைக்கக் கிளம்பினாள்.

உன் நாற்பத்திரண்டு போய்ச் சேர்ந்தது. அக்கா முப்பதும் நான் பதினைந்தும் கட்டினோம். மீதி பதினெட்டாயிரத்தை இன்று ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் அறைகள் ரத்து. எங்களிடமிருந்து இனி சல்லிக்காசு வராது. அது உன் பங்கு. டிராவல்ஸ்காரரிடம் உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

பி.கு.: குழம்பில் உப்பு இல்லை. மறதியில் அல்ல.

இன்னொன்று. வீட்டுக் கடனுக்காக நேற்று என் பிரிண்டரில் நீ அச்செடுத்தபோது ஒரு தாள் உள்ளே சிக்கிக்கொண்டது. இன்று காலை எடுத்துப் பார்த்தேன், அக்காவுக்கும் போனில் படித்துக் காட்டினேன். உன் சம்பளம் அறுபதாயிரம் இல்லை, ஒரு லட்சத்து இருபதாயிரம்.