விளிம்புவரை ஊற்றிய தேநீர்

காரகோல்,
செப்டம்பர், வெள்ளிக்கிழமை காலை

மரியாதைக்குரிய புருலுக்கு,

நலம். நீயும் உன் கணவரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் உன்னை வந்து சேராது. சேராது என்பதால்தான் எழுத முடிகிறது.

நம் பேரன் எமிர் நடக்கத் தொடங்கிவிட்டான்; நாளை அவன் கால்களைச் சேர்த்துக் கட்டி, கால்நூல் வெட்டும் விருந்து. ஜிபார் இரண்டு வாரத்துக்கு முன் வந்து என் சமையலறையில் நின்றுகொண்டே சொன்னாள். நம் மகள் உட்காராமல் பேசினால் விஷயம் பெரிது என்று உனக்குத் தெரியும். "அம்மா வர்றாங்க. அவரும் வர்றாரு. என் கல்யாணத்துல தேநீர் ஊத்துறதுக்கு முன்னாடியே எழுந்து போனீங்களே அப்பா, பால்மானியைப் பார்க்கணும்னு, இந்தத் தடவை அப்படிப் போனீங்கன்னா அடுத்த விருந்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டேன்" என்றாள். பால்மானி அல்ல, வானிலை நிலையத்துக் காற்றழுத்தமானி என்று திருத்தினேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை.

அன்று மண்டபத்தில் நீ கிண்ணத்தைக் கையில் எடுத்ததைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு இறுகிவிட்டது. அதை யாரிடம் சொல்வது? பிறகும் இரண்டு மூன்று முறை அப்படி ஆனது. இதயத்தில் ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். பல் மருத்துவ அறைக்குப் பக்கத்து அறையில் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்றார். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பல்வலிக்காரன் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழவி எனக்காக இரங்கி, கிராம்பு வைத்துக் கடிக்கச் சொன்னாள்.

ஆலோசகர் பெயர் சய்ரா. நம் ஜிபார் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்க, அக்சகல் ஐயா. கையால எழுதுங்க. அழகா எழுத வேண்டாம். அனுப்பக் கூடாது. அனுப்பணும்னு நினைச்சு எழுதினா அது கடிதம் இல்ல, மனு" என்றாள்.

எனக்கு முறைப்படி செய்துதான் பழக்கம். தலைப்புகள் பிரித்து, சான்றுகளோடு எழுதிக் கொண்டுபோனேன். நான் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்றாள். படிக்கும்போது குரல் எங்கே தடுமாறுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டாள். முடித்ததும் சொன்னாள்: "வலிச்சுதுன்னு ஒரு வரி எழுதுறீங்க. அடுத்த வரியில 'ஆனால் அவளுக்கும் காரணம் இருந்திருக்கும்'னு எழுதுறீங்க. அவங்களுக்கு நீங்களே வக்கீலா? அவங்க பக்கத்தை அவங்க எழுதிக்கட்டும்."

'ஆனால்'களை எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். அது குற்றப்பத்திரிகை போலிருந்தது. அதற்கு அவள், முதலில் கோபம்தான் வரும், வரட்டும் என்றாள். மூன்றாவதாக எழுதியதைத்தான் திருப்பிக் கொடுத்தாள். "இதுல பக்கத்துக்குப் பக்கம் கேள்வி. கேள்வி கேட்டா பதிலுக்குக் காத்திருக்கணும். இத்தனை வருஷம் காத்திருந்தது போதாதா? கேள்வியே இல்லாம எழுதிட்டு வாங்க."

அது என்னால் முடியவில்லை, புருல். எல்லாக் கேள்வியையும் எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் போக மறுத்தது.

அந்தச் சமயத்தில்தான் நீ தொலைபேசியில் அழைத்தாய். "கெரிம்பாய், கறுப்பு வெள்ளை நூல் நான் திரிச்சுட்டேன். கத்தி நீங்க கொண்டு வாங்க. தீட்டிக் கொண்டாங்க, மொட்டைக் கத்தியோட வந்து நிக்காதீங்க" என்றாய். சரி என்றேன்.  நீ உடனே தொலைபேசியை வைக்கவில்லை. அந்தக் கேள்வி என் நாக்கின் மேல் இருந்தது. கேட்டிருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாய் என்றே நினைக்கிறேன். நான் கணவாயில் பனி விழுந்துவிட்டதா என்று கேட்டேன். "இன்னும் வானிலையைத்தான் கேக்குறீங்களா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. பழைய பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரிப்பது போலிருந்தது. தொலைபேசியை வைத்த பிறகு எனக்குப் புரிந்தது: நான் கேட்க நினைத்தது நீ பிரிந்துபோன அந்த ஆண்டில் இந்த வீட்டில் இருந்த புருலிடம். தொலைபேசியில் இருந்தவர் வேறு யாரோ. அவர் சொல்லும் பதில் எனக்குப் பயன்படாது.

ஆகவே இது நான்காவது. சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை. இனிமேல் கேள்வி இருக்காது.

நீ போவதற்கு முந்தைய நாள் மாலை, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் சமோவாரின் பக்கத்தில் உட்கார்ந்து, என் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தாய். நம் வீடுகளில் யாரும் அப்படி ஊற்றுவதில்லை. கொஞ்சமாக ஊற்றினால், திரும்ப ஊற்ற நான் இங்கேயே இருக்கிறேன் என்று பொருள். நிரப்பிக் கொடுத்தால், இதோடு போதும் என்று பொருள். அத்தனை வருடம் அடிக்கிண்ணம் அடிக்கிண்ணமாக ஊற்றிய கை அது. கவனப்பிசகு என்று பிறகு எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. எனக்கு அப்போதே புரிந்தது. நீ அதை வாயால் சொல்லாமல் தேநீரால் சொன்னதில் எனக்குக் கோபம். இன்றும் கோபம்தான். 'ஆனால்' போடாமல் எழுதிவிட்டேன்.

நான் அதை மிக மெதுவாகக் குடித்தேன். ஆறிப்போன பிறகும் குடித்துக்கொண்டிருந்தேன். அது தீரும்வரை நீ எழுந்திருக்க மாட்டாய் என்று நினைத்தேன். போகாதே என்று நான் சொன்ன முறை அது. உனக்குக் கேட்கவில்லை.

ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், இருவரும் பேசி முடிவெடுத்தோம் என்று சொல்லிவந்தேன். நல்ல மனிதர் என்றார்கள். அந்தப் பெயரைச் சுமந்து களைத்துவிட்டேன். நாம் பேசவே இல்லை.

நன்றியும் எழுத வேண்டும் என்றாள் சய்ரா, இருந்தால் மட்டும். இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்த குளிர்காலத்தில் நீ எனக்குப் பதிலாக விடியற்காலையில் ஆற்றுக்குப் போய் அளவுகோலைப் பார்த்து, நீர்மட்டத்தை உன் பெரிய பெரிய எழுத்தில் குறித்துவந்தாய். ஒரு நாளும் விடுபடவில்லை. என் பணிக்காலத்தில் அந்தப் பக்கங்களை மட்டும் நான் சரிபார்க்கவே இல்லை.

நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே மீதி நாட்களை இருந்துவிடுவேன். கடைசிக் கேள்வியை இப்படித்தான் எழுத முடிந்தது. எழுதியபின் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கத்தியைத் தீட்டினேன்.

நாளை சமோவார் என் பொறுப்பு. ஆட்களோடு பேச வேண்டியிருக்காது என்று ஜிபாரே அந்த வேலையைக் கொடுத்திருக்கிறாள். "ஆம்பளை தேநீர் ஊத்துறதை என் மாமியார் பார்த்தா ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பாங்க, பரவாயில்ல, நீங்க உட்காருங்க" என்றாள். அதன் தீக்குழாயில், பைன் காய்களுக்கு அடியில் இந்தக் கடிதத் தாள்களை வைத்துப் பற்றவைப்பேன். பிள்ளைகள் ஓடிவந்து எமிரின் காலிலிருந்து நூலை வெட்டுவதற்குள் தண்ணீர் கொதித்துவிடும்.

உன் கணவருக்கும் உனக்கும் நான்தான் ஊற்றித் தருவேன். எழுந்து போக மாட்டேன். உன் கிண்ணத்தில், விருந்தாளிக்கு ஊற்றுவது போலக் கொஞ்சமாக ஊற்றுவேன். திரும்ப நீட்டினால் திரும்பவும் கொஞ்சம். வழக்கம் அதுதான், அதில் வேறு பொருள் தேட வேண்டாம். நானும் தேட மாட்டேன்.

பேரன் தடுக்கி விழாமல் நடக்கட்டும். உன் வீட்டில் கிண்ணங்கள் காயாமல் இருக்கட்டும். கணவாயில் பனி விழுவதற்குள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்.

இப்படிக்கு,
கெரிம்பாய்