பலகை போன பாலத்தைச் சொல்லவில்லை

2 ஏப்ரல் 2025, புதன்

பதினெட்டு நாள் கழித்து இன்று கடையைத் திறந்தேன். லோரி ஓட்டக் கிளம்புவதற்கு முன் என் வீட்டுக்காரர் பேட்ரிக் புதுக் கம்பிக் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"உள்ளாறயே இரு கொரெட்டி. கேக்குறத கம்பி வழியா குடு. ரோட்டுக்குப் போவாத லா."

சரி என்றேன். அவர் சொல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

தோள்பட்டை எலும்பு கூடி வருகிறது என்கிறார் டாக்டர். கையைத் தூக்கினால் இன்னும் குத்துகிறது. வந்தவர்கள் நான்கு பேர், எல்லாரும் எஸ்டேட் ஆட்கள்தான். நான்கு தடவையும் கம்பிப் பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

3 ஏப்ரல், வியாழன்

மத்தியானம் இரண்டு மோட்டார் சைக்கிள் வந்து நின்றன. கல்லாவுக்குக் கீழே குனிந்துவிட்டேன். "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். குரலை வைத்துப் பார்த்தால் செம்பனைக் குலை வெட்டும் பையன்கள். தண்ணீர் வாங்க வந்திருப்பார்கள்.

5 ஏப்ரல், சனி

எழுதிவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது. போலீஸிடம் மலாயில் சொன்னேன், தமிழில் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

மார்ச் பதினைந்து. ஒரு மோட்டார், இரண்டு பேர், ஹெல்மெட் கண்ணாடி இறக்கியிருந்தது. "காக், ஜெராமுக்கு எப்படிப் போறது?" என்று மலாயில் அக்கா முறை வைத்துக் கேட்டான் பின்னால் இருந்தவன். ஜெராம் என்றால் எங்கள் எஸ்டேட்டுக்கு மேலே காட்டு ஆறு பாறையில் விழுந்து ஓடும் இடம். குளிப்பதற்காகச் சிரம்பான், கோலாலம்பூர், சிங்கப்பூரிலிருந்தெல்லாம் வருவார்கள். என் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒன்பது வருஷமாக வழி சொல்கிறேன். அன்றும் ரோட்டோரம் வரைக்கும் நடந்து போய் அவர்கள் பார்க்கும் பக்கமாகவே நின்று கையை நீட்டினேன். நீட்டிய கை இறங்குவதற்குள் தாலி போய்விட்டது. என்னையும் சேர்த்துப் பத்தடி இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த ஒன்பது வருஷமும் முட்டாள்தனமா?

6 ஏப்ரல், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நீலாயிலிருந்து மகள் கேரல் வந்திருந்தாள். என்கூடக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். ஜொகூர் கார் ஒன்று நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். முறுக்கைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

"மா, நீங்க அவங்கள போலீஸ் மாதிரி பாக்குறீங்க."

"பாத்தா என்னா?"

"முன்ன நீங்க அப்படி இல்ல மா."

தெரியும். போர்ட்டிக்சனில் ஹோட்டலுக்குள் இருந்த துணிக்கடையில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தேன். வருகிறவர்களின் பின்னாலேயே போய் "இது வேணுமா, அது வேணுமா" என்று கேட்கச் சொல்வார் அங்கேயிருந்த மேனேஜர். சட்டையைத் தொட்ட கையை நெருப்புப்பட்டதுபோல் இழுத்துக்கொண்டு வெளியே போவார்கள் ஜனங்கள். சொந்தக் கடை வைத்தபோது அதை அடியோடு மாற்றினேன். கார்க் கதவு திறந்ததும் எழுந்து நிற்பேன், முகம் பார்த்து வாங்க என்பேன், அதோடு சரி. வாசலை மறைக்காமல் ஒதுங்கி, மரவள்ளிச் சீவலைப் பொட்டலம் போடும் வேலையைத் தொடர்வேன். நம் கை ஒரு வேலையில் இருந்தால் வந்தவர்களுக்கு மூச்சு விட முடியும். கழிப்பறை பின்னால், வாங்காவிட்டாலும் போகலாம். ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர்களாகத் தலை நிமிரும்போதுதான் எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்பேன். சோறு எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டால் கோயில் முச்சந்தியில் நீலாவதி கடை என்பேன். என்னிடமும் நாசி லெமாக் சோறு இருக்கும், ஆனால் அவள் கைப்பக்குவம் எனக்கு வராது.

அது வேறு யாரோ ஒரு கொரெட்டி.

9 ஏப்ரல், புதன்

மழை. யாரும் வரவில்லை. நிம்மதியாக இருந்தது, அதுவே பயமாகவும் இருக்கிறது.

12 ஏப்ரல், சனி

 எழுத்து கோணலாக வந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டே காலுக்கு ஒரு வெள்ளைக்கார ஜோடி, அறுபது வயதிருக்கும். வாடகைக் கார். அந்த அம்மா இறங்கிக் கம்பிக்கு அருகே வந்து போனைக் காட்டினாள். ஜெராம். மேப்பில் நீலக் கோடு நேராகப் போய் இடப்பக்கம் திரும்பியது.

அந்தக் கோடு தப்பு. எனக்குத் தெரியும். டிசம்பர் மழையில் அந்தப் பக்கத்து மரப்பாலத்தில் பாதிப் பலகை போய்விட்டது. மேப்புக்கு அது தெரியாது. பாலத்துக்கு முந்திய மேட்டிலேயே ஆட்கள் காரை விட்டுவிட்டு மிச்சப் பலகையில் நடந்து போகப் பார்ப்பார்கள். நல்ல வழி வேறு. அந்தத் திருப்பத்தில் திரும்பாமல் பாலாய் ராயா பொது மண்டபம் வரை போய், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இடப்பக்கம் திரும்பவேண்டும், சீனர் சுடுகாடு வந்துவிட்டால் கூடுதலாகப் போய்விட்டோம் என்று அர்த்தம். முன்பெல்லாம் இதைச் சொல்லி அவர்கள் வாயாலேயே ஒரு தடவை திருப்பிச் சொல்ல வைப்பேன். பம்ப் வீட்டுக்கு அப்பால் போனில் லைன் இருக்காது. இரண்டரைக்குள் இறங்கி வந்துவிடுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்திருக்கும். ஆறு தேத்தண்ணி நிறத்துக்கு மாறி இலை, சுள்ளி மிதந்து வந்தால் செருப்பைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

இத்தனையும் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகாது.

காரில் இருந்த புருஷன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் பார்த்தான். அவ்வளவுதான். எனக்கு அந்த ஹெல்மெட் கண்ணாடிதான் தெரிந்தது. போனைப் பார்த்து, "யெஸ், ஸ்ட்ரெயிட்" என்றேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

போகட்டும், போனால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு மணிக்கு மலைப்பக்கம் கறுத்தது. இங்கே ஒரு சொட்டு இல்லை. இரண்டரை. மூன்று. திரும்ப வேறு ரோடு கிடையாது, கடையைத் தாண்டித்தான் வரவேண்டும். வரவில்லை. அவர்கள் பெயர் தெரியாது, நம்பர் வாங்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. மூன்றரைக்கு வாய்க்காலில் தண்ணீர் சிவந்து வந்தது.

நான் என்ன பண்ணிட்டேன்? மாதாவே, என்ன பண்ணிட்டேன்?

எஸ்டேட் ஜாகா வீரமுத்து அண்ணனின் காவல் கொட்டகை ரோட்டுக்கு அந்தப் பக்கம். போன் அடித்தேன், எடுக்கவில்லை. கம்பிக் கதவில் சாவியைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஒரு மோட்டார் வரும் சத்தம். அது போகும் வரை நின்றேன். இன்னொன்று. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். ரோட்டை ஓடித்தான் கடந்தேன், செருப்பில்லாமல்.

"அண்ணே, வெள்ளக்காரவங்க ரெண்டு பேரு. பாலத்துப் பக்கம் போய்ட்டாங்க."

"அங்க எதுக்கு விட்ட? நீதான எல்லாருக்கும் சொல்லுவ."

 அவர் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தேன். பம்ப் வீட்டிலேயே நிறுத்தச் சொல்லி, லைன் இருக்கும்போதே 999க்கு அடித்து இடத்தைச் சொன்னேன்.

மேட்டில் கார் நின்றது. அந்த அம்மா ஆற்றோரம் நின்று அக்கரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த பலகையும் இல்லை. அக்கரையில் ஒரு பாறை மேல் அந்த மனுஷன், காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். பாறையின் பாதி தண்ணீரில். அவன் இறங்கி வரப் பார்த்தான். வீரமுத்து அண்ணன் இரண்டு கையையும் வீசி, "ஸ்டே! ஸ்டே! அப், அப்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நானும் கத்தினேன். வலித்த கையைத் தூக்கி மேடு எந்தப் பக்கம் என்று காட்டினேன். அவன் மண்ணைப் பிடித்துத் தவழ்ந்து தவழ்ந்து மேலே போனான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாறை தெரியவில்லை.

தீயணைப்புப் பொம்பா வண்டி ஐந்தேகாலுக்கு வந்தது. கயிறு கட்டி, ஆறேமுக்காலுக்கு இக்கரை கொண்டுவந்தார்கள். கணுக்கால் முறிந்திருக்கிறது. உயிர் இருக்கிறது.

காத்திருந்த நேரமெல்லாம் அந்த அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். பெயர் ஹன்னா. ஒரு கட்டத்தில் கேட்டாள், பாலம் உடைந்திருப்பது உனக்குத் தெரியுமா என்று.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது?

"தெரியும்" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாள்.

14 ஏப்ரல், திங்கள்

பேட்ரிக்கிடம் எல்லாம் சொன்னேன். "உன் மேல தப்பில்ல, அவனுங்க பண்ணுன வேல இது" என்றார். பாதி சரி. அவர்கள் பறித்தது தாலியை. பாலத்தைச் சொல்லாமல் விட்டது என் வாய்தான்.

நேற்று குருத்தோலை ஞாயிறு. ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு பாட வாய் வரவில்லை.

16 ஏப்ரல், புதன்

சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேட்ரிக் கூட்டிப் போனார், வெளியே நின்றுகொண்டார். வார்டு வாசலில் திரும்பிவிடலாமா என்று மூன்று தடவை தோன்றியது. கேஸ் போடுவார்களோ, கத்துவார்களோ.

ஹன்னாதான் முதலில் பார்த்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தெரியாத இடத்தில் கையைக் காட்டிச் சொன்னேன். கழுத்துக் காயத்தையும் காட்டினேன். சாக்குக்காக இல்லை. காரணம் தெரியட்டும் என்று.

ஹன்னா குனிந்து காயத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கம்பிக்குப் பின்னால் நீ பயந்துகொண்டிருந்தது தெரிந்தது. எங்களைப் பார்த்துத்தான் பயமா என்று யோசித்தேன். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை."

அந்த மனுஷன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். மறுபடியும் மூடிக்கொண்டான். மன்னித்தானா தெரியவில்லை. கேட்கும் தைரியமும் இல்லை.

19 ஏப்ரல், சனி

காலையில் ஒரு கார். வெளியே போக முடியவில்லை. ஆனால் எழுந்து நின்றேன். "வாங்க" என்றேன். பாலத்தைச் சொன்னேன். குரல் உடைந்தது, அவர்கள் வித்தியாசமாகப் பார்த்தார்கள். பரவாயில்லை, காதில் விழுந்தது.

பாலத்துக்கு முன்னால் வீரமுத்து அண்ணன் டிரம்மை உருட்டிப் போட்டு, 'பஹாயா', ஆபத்து என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்.

26 ஏப்ரல், சனி

மலை கறுத்திருந்தது. வந்த மூன்று காரையும் ஜெராமுக்குப் போகவேண்டாம் என்றேன், கடற்கரைக்கு எப்படிப் போவது என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பெண் கோபித்துக்கொண்டாள்: "இதுக்காடி சுபாங்லேர்ந்து வந்தோம்?" என்று தங்கையிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி. யாரும் ஒன்றும் வாங்கவில்லை.

ஐந்து மணிக்கு மலையில் மழை பிடித்தது.

3 மே, சனி

வானம் வெளுத்திருந்தது. பதினோரு மணிக்கு ஒரு சின்னப் பெண் சைக்கிளில், தனியாக. எழுந்து கம்பிக் கதவைத் திறந்து வாங்க என்றேன். பின்னால் கழிப்பறை இருக்கிறது என்றேன். முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு ஜாடியாகப் பார்த்துக்கொண்டே போனாள். நான் சீவலைப் பொட்டலம் போட்டேன். அவள் தலை நிமிர்ந்தபோது, "எங்க மா போற?" என்றேன்.

ஜெராம்தான்.

அவளோடு ரோட்டோரம் நடந்தேன். மோட்டார் ஏதும் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். அவள் பார்த்த பக்கமாக நின்று கையை நீட்டிச் சொன்னேன். பாலாய் ராயா, தண்ணீர்த் தொட்டி, அப்புறம் இடப்பக்கம். திருப்பிச் சொல்ல வைத்தேன். இரண்டரைக்குள் வந்துவிடவேண்டும், வந்ததும் எனக்கு ஒரு சத்தம் கொடுக்கவேண்டும் என்றேன்.

"ஓக்கே லா ஆன்ட்டி. நான் ஒண்ணும் வாங்கலயே, பரவாயில்லயா?"

"அதெல்லாம் வேணாம் மா. வந்துடு, போதும்."

ஒன்றரையிலிருந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டேகாலுக்கு வாசலுக்கு வந்து நின்றேன். இரண்டு இருபத்தைந்துக்கு வளைவில் சைக்கிள் தெரிந்தது. முடியெல்லாம் ஈரம்.

பெயர் கேட்டேன், ஷாமினியாம். ஊர் கெமாஸ்.