சாவிக்காரம்மா கதவைத் திறக்காத வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் உடனே எழுது. போன வாரம் போனில், சித்தப்பா ஏம்மா என்கிட்டகூட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாரு என்று கேட்டாயே, அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் அப்பா நடுவில் புகுந்து கதையையே வேறாக்கிவிடுவார், அதனால்தான் இந்தக் கடிதம். தப்பு முழுக்க என்னுடையது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு உள்ளூரைப் பற்றி ஒரு பாடம் எழுதச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு உத்தரவு வந்தது. சமூக அறிவியல் என்றால் என் தலையில்தானே விழும். தலைப்பு, பல மதத்தார் சேர்ந்து வழிபடும் இடமும் சமயக் கலப்பும். நம் ஊரில் அது பெரியவர் வீடுதான், மரக்கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அந்தச் சின்னக் கட்டடம், உள்ளே துணி போர்த்திய ஒரு கல்லறை, உனக்கு நினைவிருக்கும். தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன், எனக்குத் தெரியாததா என்று உள்ளே போய்ப் பார்க்காமலே எழுதினேன். மூன்று நதிகள் கலந்து ஒரு கடல் ஆனது போல எல்லா மதமும் இங்கே ஒன்றாகிவிட்டன என்று அளந்துவிட்டேன். அதோடு நிற்கவில்லை. உன் சித்தப்பா அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர், கூரை ஒழுகுதே அண்ணி, நானே கான்கிரீட் போட்டுத் தர்றேன், சித்தர் சமாதின்னு ஒரு போர்டு மட்டும் வெச்சுக்கிறேன் என்றார். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தவரை அங்கே கொண்டுபோய்க் கிடத்தின பிறகுதான் பிழைத்தாராம், மனசார சொன்னார். அந்தப் பேச்சில் மயங்கி, இது முதலில் ஒரு சித்தரின் சமாதி, மற்றவர்கள் பிற்காலத்தில் வந்தார்கள் என்று பாடத்தில் ஒரு வரி சேர்த்தேன். ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது. அவர் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, கட்டட அனுமதி மனுவோடு இணைத்து நகராட்சியில் கொடுத்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை நான் பஸ்ஸுக்குப் போகும்போது பெரியவர் வீட்டு வாசலில் கூட்டம். கதவு பூட்டியிருந்தது. எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கதவு ஒரு நாள்கூடப் பகலில் பூட்டிக் கிடந்ததில்லை. சாவி ஒரு முஸ்லிம் குடும்பத்திடம், இப்போது அந்த வீட்டு விதவைதான் திறக்கிறாள், சாவிக்காரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். எண்ணெய் பாட்டிலோடு தையல்காரர் நிற்கிறார், அவர் இந்து. மெழுகுவத்தியோடு ஆஸ்பத்திரி நர்ஸ் நிற்கிறாள், அவள் கிறிஸ்தவள். தையல்காரர்தான் என்னைப் பார்த்துக் கேட்டார், டீச்சர், நீங்க ஏதோ எழுதிக் கொடுத்தீங்களாமே, நகராட்சி ஆபீஸ் கிளார்க் சாவிக்காரம்மாகிட்ட இனி உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டானாம், நெசமா என்று.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று பயந்தேன், திட்டியிருந்தால் தேவலை. உட்காருங்க என்று தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள், கோவத்துல பூட்டல டீச்சர், எனக்கு அங்க உரிமை இருக்கா இல்லையான்னு தெரியாம எப்படிக் கதவைத் திறக்கறது, எங்க வீட்டுலயும் அங்க அடங்கியிருக்கறவரை இறைநேசர்னுதான் சொல்வோம், ஆனா அதை யாரும் சுவத்துல எழுதினதில்ல, எழுதிட்டா நாளைக்கு யாரு கேட்டாலும் காகிதத்தைத்தானே நீட்டுவாங்க. அங்கிருந்து நேராக நகராட்சிக்குப் போய், அந்த வரிக்கு ஆதாரம் இல்லை, எழுதியது என் பிழை, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று என் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே திரும்பினேன். அதைப் படித்துக் காட்டினதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சாவியை எடுத்தாள். சாயங்காலம் கதவு திறந்தது.

அப்புறம்தான் செய்ய வேண்டிய வேலையைச் செய்தேன். பிள்ளைகளைக் குழு குழுவாகப் பிரித்து நான்கு நாள் பெரியவர் வீட்டில் ஓரமாக உட்கார வைத்தேன், கேள்வி கேட்காதே, பார்த்ததை மட்டும் எழுது என்று. அவர்கள் எழுதிக்கொண்டு வந்ததைப் படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அத்தனை அழகு, அத்தனை நாளும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அங்கே ஒன்றும் ஒன்றாகிவிடவில்லை, தெரியுமா. முஸ்லிம்கள் கல்லறையின் கால்மாட்டில் நின்று கையேந்துகிறார்கள், இந்துக்கள் வெளி மாடத்தில் விளக்கேற்றுகிறார்கள், கிறிஸ்தவர்கள் மணல் தட்டில் மெழுகுவத்தி நடுகிறார்கள். அவரவர் ஜெபம் அவரவருக்கு. சுவரில் சிலையோ சிலுவையோ வசனமோ எதுவும் பதிக்கக் கூடாது, கொண்டுவந்ததைப் போகும்போது எடுத்துப் போக வேண்டும், பெருக்குவது முறை வைத்து. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் ஒருத்தரும் மீறுவதில்லை. உள்ளே இருப்பது யார் என்றால் சாவிக்காரம்மாவுக்கு இறைநேசர், தையல்காரருக்குச் சித்தர், நர்ஸுக்கு ஊரே காய்ச்சலில் கிடந்தபோது ஓடாமல் நின்ற ஒரு வைத்தியர். நோயாளிகளோடு கூடவே இருந்தவர் என்பதில் மட்டும் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கலப்பே இல்லையா என்றால் இருக்கிறது, நான் தேடின இடத்தில் இல்லை. வேண்டுதல் வைக்கிற எல்லாரும் ஜன்னல் கம்பியில் நூல் கட்டுகிறார்கள், பலித்தால் வந்து ஒரு நூலை அவிழ்க்கிறார்கள், தங்கள் நூல்தான் என்றில்லை, கைக்குக் கிடைத்த யாருடைய நூலையும். எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டால் மூன்று பேரும் சிரிக்கிறார்கள். சாவிக்காரம்மா கையேந்தித் துஆ கேட்டு முடிக்கும்போது தையல்காரர் தன்னையறியாமல் ஆமீன் என்கிறார். நர்ஸ் கல்லறையை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகிறாள். இடத்தைப் பகிர்ந்துகொள்வது ஒன்று, நம்பிக்கை கலப்பது வேறொன்று, இரண்டையும் குழப்பக் கூடாது என்று இப்போது பாடத்தில் தெளிவாக எழுதிவிட்டேன். கலப்பு என்ற சொல்லைச் சிலர் தூய்மை கெட்டது என்று வசவாகவும் சிலர் பாராட்டாகவும் சொல்கிறார்கள், வருகிறவர்களுக்கோ அந்தச் சொல்லே தேவைப்படவில்லை என்றும் சேர்த்தேன். மூன்று கதைகளையும் மூவரிடமும் படித்துக் காட்டிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறேன், எது உண்மை என்று கேள்வி வைக்கவில்லை.

சித்தப்பாவுக்கு மகா கோபம். குடும்பத்தையே தலைகுனிய வெச்சுட்டீங்க அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனவர் இந்தப் பக்கம் வரவில்லை. கூரைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள், இருப்பது இருந்தபடியே பழுது பார்க்கலாம் என்று நகராட்சி சொல்லிவிட்டது. நேற்று சித்தப்பாவின் மேஸ்திரி வந்து ஏணி போட்டு ஏறிக் கூரையை டேப் பிடித்து அளந்துகொண்டு போனாராம். போர்டு எங்க வைக்கிறீங்க என்று சாவிக்காரம்மா கேட்டதற்கு, போர்டைப் பத்தி முதலாளி ஒண்ணும் சொல்லலையேம்மா என்றாராம்.

தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிக்கொள், அங்கே குளிர் அதிகம். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு ஒரு போன் போடு, உடம்பை விசாரி, கூரைப் பேச்சை அவராக எடுக்கிறவரை நீ எடுக்காதே, நான் எழுதினேன் என்றும் சொல்லிவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், பெற்றவர்கள் இருவரின் ஆசியும் உங்களோடு இருக்கும்.

இப்படிக்கு,
அடித்துத் திருத்தி எழுதப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அம்மா