அப்பா இனி ஸ்பீக்கரில் போடமாட்டார்

அன்பு மகள் எழிலுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். விஷயம் இதுதான், உன் பேச்சைக் கேட்காமலேயே அம்மா ஜெயித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் அப்பா கீழ்பென்னாத்தூரில் தன் சிநேகிதர்கள் கண்ணாயிரம், மணிவேலோடு குடிக்கச் சேர்வது உனக்குத் தெரியும். நான் போன் செய்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள், அப்பா "இன்னாடி, வை போனை"ன்னு அதட்டுவார், அவர்கள் சிரிப்பார்கள். குடித்துவிட்டு வண்டியெடுத்தால் "உனக்கு எதுக்குடா ஹெல்மெட்"ன்னு உசுப்பிவிடுவார்கள். போன மாதம் சறுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். நீ "அவங்களா நானான்னு கேட்டுடும்மா" என்றாய். உன் சித்தி தமிழ்செல்வியோ கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கச் சொன்னாள். எனக்கும் ஆசைதான். ஆனால் சத்தியம் வாங்கினால் அவர் போவதை நிறுத்தமாட்டார், என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார். அதோடு அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்தவர் அந்தக் கண்ணாயிரம்தானே.

அதனால் அவர் குடிக்காத ஒரு காலையில், இருவரும் மல்லாட்டை உடைத்துக் கடலை உரிக்கும்போது ஆரம்பித்தேன். கண்ணாயிரம் கெட்டவர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அப்பா அவருக்குப் பரிந்து பேசியே பொழுது போயிருக்கும். நடந்ததை மட்டும் சொன்னேன். "நீங்க அதட்டுனதும் அவங்க சிரிச்சது எனக்குக் கேட்டுச்சுங்க, அவமானமா இருந்துச்சு. நீங்க வர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கிறேன்" என்றேன். அப்பா முறைத்து, "அப்ப அவங்கள வுட்டுடணுமா?" என்றார். "இல்லீங்க, தாராளமா போங்க. ஆனா ஸ்பீக்கர்ல போட்டா நான் போனை வெச்சுடுவேன், குடிச்சுட்டு ஓட்டுற வண்டியில ஏறமாட்டேன். மத்தது என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவதுதான் எனக்குக் கஷ்டம், உனக்கே தெரியும். அவர் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போனார், நாலைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரியம் கெட்டதென்று அழுதுகூட விட்டேன்.

இந்த ஞாயிறு வண்டிச் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போனார். சாயங்காலம் போன் செய்தேன். பின்னாலிருந்து கண்ணாயிரம், "ஸ்பீக்கர்ல போடுடா, அண்ணி இன்னா சொல்றாங்கன்னு கேப்போம்" என்றார். அப்பா, "அவ எங்கிட்ட பேசறா, உங்கிட்ட இல்ல. சிரிக்கணும்னா வேற எதுக்காவது சிரிடா" என்றாரே பார்க்கணும்! பிறகு என்னிடம், அத்தனை பேர் எதிரில், "சொல்லு ரேணு" என்றார். எதற்குப் போன் செய்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

தீபத்துக்கு அவர்களையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். வடை சுடுவது நான், பரிமாறுவது உன் அப்பா, அவரே சொல்லிவிட்டார். நீங்களும் வரப் பாருங்கள், இப்போதே லீவு கேட்டு வை. வெயிலில் அலையாதே. இருவரும் தீர்க்காயுசாக இருங்கள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா ரேணுகாம்பாள்,
வேங்கிக்கால், திருவண்ணாமலை.