பெயர் சொல்லிப் பாராட்டச் சொன்னாய், சசி

அன்புள்ள சசிரேகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் லோகேஷும் அந்தக் கனடாக் குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அம்மா படப்பையில் லீலா சித்தி வீட்டுக்குப் போவது வரும் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகிவிட்டது. விருந்துக்கு அல்ல, இருப்பதற்கு. போன மாதம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, சண்டை எதுவும் இல்லாமல் சொன்னாள்: "இந்த வூட்ல நான் கீறேனா இல்லியான்னே உங்களுக்குத் தெரியல. அங்க போனா அவளாவது வந்தியான்னு கேப்பா." நைட் ஷிப்ட் முடிந்து நான் ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து திரும்பும்போது அவள் கேன்டீன் வேலைக்குப் போயிருப்பாள், அவள் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த விஜயராகவன் போன்றவர்கள் என் தலைக்கு மேல் மேனேஜராகிப் பகலில் உட்கார்ந்திருக்க, இந்த வயதிலும் எனக்கு நைட். என்னை யார் கவனித்தார்கள், நான் அவளைக் கவனிக்க?

அம்மா இதைப் போனில் உன்னிடம் சொன்னபோதுதான் நீ உன் மருந்தைச் சொன்னாய். தினமும் சாயங்காலம் டீ குடிக்கும்போது, மற்றவர் அன்று செய்த ஒரு காரியத்தை இன்னதென்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும், அதனால் நமக்கு எந்தச் சிரமம் குறைந்தது என்பதையும் சேர்த்து. நன்றி என்ற சொல்கூடத் தேவையில்லை என்றாய். நம் வீடுகளில் அது மேடைச் சொல்தானே. அம்மா சிரித்தாள், ஆனாலும் போகும்வரை செய்து பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டாள்.

முதலில் நான் "எல்லாத்துக்கும் நன்றி" என்றேன். "கல்யாண மண்டபத்துல மைக்குல சொல்ற மாதிரி கீது" என்றாள். மறுநாள் விவரமாகச் சொல்வோம் என்று, இன்று சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது, நேற்றைப்போல இல்லை என்றேன். தொழிற்சாலையில் தரம் பார்த்துப் பார்த்து என் வாயில் அப்படித்தான் வரும். அவள் டம்ளரை வைத்துவிட்டு, "நான் இன்னா உங்க லைன்ல ஓடுற பார்ட்டா? ஓகே, ரிஜெக்ட்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டறீங்க?" என்றாள். நீ பிறகு போனில் விளக்கினாய்: மதிப்பெண் போட்டால் அது நன்றி இல்லை, பின்னால் "ஆனால்" வந்தாலும் இல்லை, காரியம் எப்படி அமைந்தது என்பதைவிட அதற்காக அவள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பது சொல்வதைவிடக் கடினம், சசி. சாயங்காலம் சொல்ல ஒன்று வேண்டுமே என்பதற்காகவே பகலெல்லாம் தேட வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம் தூக்கம் கலைந்து படுத்திருந்தேன். பக்கத்து வீட்டு இரும்புக் கேட் தடாரென்று சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அம்மா உள்ளே வந்து நின்றாள், நம் கேட் சத்தமே போடவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். கொண்டியில் அவளுடைய பழைய புடவைத் துணி சுற்றிக் கட்டியிருந்தது. வெயிலில் வெளுத்ததும், இற்றுப்போனதும், புதிதுமாக மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறாள். எனக்கு இயல்பாகவே நல்ல தூக்கம் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் அதைச் சொன்னேன். அவள் அந்தத் துணியைக் கட்டுவதால்தான் நான் பகலில் தூங்கி ராத்திரி மெஷின் முன்னால் கண் சொருகாமல் நிற்கிறேன் என்றேன். "மீன்காரர்கூட நம்ம வாசல்ல கூவ மாட்டாரு, கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதையும் கவனிக்கவில்லை.

மறுநாள் அவள் முறை. "என் ஸ்கூட்டர்ல காத்து எறங்குனதே இல்ல. நல்ல டயருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ராத்திரி ஷிப்டுக்குக் கெளம்பறப்ப நீங்க பம்ப் அடிக்கிறதை எதிர்வூட்டு மஹாலட்சுமி சொன்னா. இருட்டுல ரோட்ல நிக்காம வேலைக்குப் போறேன்னா அதனாலதான்" என்றாள். எத்தனை காலமாக அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தேன் தெரியுமா? வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றுவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. டீயை முடிக்காமல் எழுந்து போனாள். நன்றியை வசூல் செய்கிறவனுக்கு அதற்குமேல் யார் தருவார்கள்?

அதன் பின்னும் தினமும் சொல்கிறோம், நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் அவளை நிறையப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க அவள் போவது நியாயம் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் இந்த மருந்தின் கொடுமை. நேற்று அவள் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, படப்பைக்குப் போன பிறகும் சாயங்காலம் போன் செய்து ஒன்று சொல்லலாமா என்று கேட்டேன். மடிப்பதை நிறுத்தாமல், "சொல்லுங்க. ஆனா கடைசில திரும்பி வான்னு சேத்துடாதீங்க" என்றாள்.

நீயும் லோகேஷும் நீண்ட ஆயுளோடு, ஒருவரையொருவர் பார்த்தபடி வாழ வேண்டும். வீட்டில் ஏதாவது சிரமமில்லாமல் நடக்கிறதென்றால், அதை யார் செய்கிறார்கள் என்று இன்றைக்கே தேடு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய். போகாதே என்று நீயும் சொல்லாதே.

ஆசிகளுடன்,
உன் அப்பா
ரகுபதி